ஒரே காலத்தவர்களா, நேரில் சந்தித்திருக்க முடியுமா? கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

புகழ்பெற்ற இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிப்பது சில நிமிட வேலை. அவர்கள் சந்தித்திருக்க முடியுமா என்று சொல்வதற்குச் சில மணி நேரமாவது வேண்டும். சந்தித்தார்கள் என்று எழுதுவதற்குச் சான்று வேண்டும். இந்த மூன்றும் வெவ்வேறு கேள்விகள். புதிதாக இதில் இறங்குபவர்கள் முதல் கேள்விக்குக் கிடைத்த விடையைக் கொண்டே மற்ற இரண்டையும் முடித்துவிடுகிறார்கள். வரலாற்று நாடகப் பிரதிகளைச் சரிபார்க்கும்போதும் வினாடிவினாக் கேள்விகளைத் திருத்தும்போதும் நான் அதிகம் கண்ட பிழை இதுதான்.

முறையைச் சொல்ல ஒரே இணையை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், பிரான்சின் வால்டேர். இவர்கள் சந்தித்தார்கள் என்பது தெரிந்த செய்தி. விடை தெரிந்த கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது. நம்முடைய முறை சரியான இடத்துக்கு வந்து சேர்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொருவருக்கும் மூன்று பொருட்கள் வேண்டும். முதலாவது, நாள், மாதம், ஆண்டு என முழுமையான பிறப்பு, இறப்புத் தேதிகள். எந்த நாட்காட்டிப்படி என்ற குறிப்பும் அவற்றோடு இருக்க வேண்டும். இரண்டாவது, ஆண்டு வரிசையில் எழுதப்பட்ட ஒரு நல்ல வாழ்க்கை வரலாறு. மூன்றாவது, கிடைக்குமானால், அவருடைய கடிதத் தொகுப்பு.

கடிதங்களை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வாழ்க்கை வரலாறு ‘அந்த ஆண்டு அவர் இங்கிலாந்தில் இருந்தார்’ என்று சொல்லி நின்றுவிடும். ஒரு கடிதத்தின் தலைப்பில் எழுதியவர் எந்த ஊரில், எந்த நாளில் இருந்தார் என்பது இருக்கும். இந்த வேலைக்குக் கடிதத்தின் உள்ளடக்கத்தைவிட அந்த முதல் வரிதான் பெரும்பாலும் உதவுகிறது. ஃபிராங்க்ளினின் கடிதங்களை Founders Online தளத்தில் தேதி வாரியாகத் தேடிப் படிக்கலாம்.

எழுதுவதற்கு ஒரு தாளும் அதில் இரண்டு பத்திகளும் போதும். கணினியில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எக்செல் 1900-க்கு முந்தைய தேதிகளைத் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். ஆகவே ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் எண்களாக எழுதுங்கள்.

## 2. பொதுக் காலத்தைக் கணக்கிடுங்கள்

இருவரும் உயிரோடு இருந்த காலத்தைப் ‘பொதுக் காலம்’ என்று வைத்துக்கொள்வோம். இருவரில் பின்னால் பிறந்தவரின் பிறந்த நாளில் அது தொடங்குகிறது. முன்னால் இறந்தவரின் இறந்த நாளில் முடிகிறது. பிறந்த ஆண்டுகள் B பத்தியிலும் இறந்த ஆண்டுகள் C பத்தியிலும் இருந்தால் விரிதாளில் இப்படி எழுதலாம்:

```
=MIN(C2,C3)-MAX(B2,B3)
```

விடை எதிர்மறை எண்ணாக வந்தால் அந்த இணையை அங்கேயே விட்டுவிடலாம். கி.மு. 399-இல் சாக்ரடீஸ் இறந்தார்; அரிஸ்டாட்டில் பிறந்தது கி.மு. 384-இல். கி.மு. ஆண்டுகளை -399, -384 என்று உள்ளிட்டால் -15 என்று வரும். சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் மூவரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால், மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதுபோல் எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு வரிக் கணக்கு அதைத் தடுத்துவிடும்.

இன்னொரு குறிப்பு. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் 0 என்று ஓர் ஆண்டு இல்லை. கி.மு.வில் பிறந்து கி.பி.யில் இறந்தவரின் வயதைக் கணக்கிடும்போது ஓராண்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நம் இணைக்கு வருவோம். வால்டேர் 1694 நவம்பர் 21 அன்று பிறந்து 1778 மே 30 அன்று இறந்தார். ஃபிராங்க்ளின் 1706 ஜனவரி 17 அன்று பிறந்து 1790 ஏப்ரல் 17 அன்று இறந்தார். பொதுக் காலம் 1706 ஜனவரி 17 முதல் 1778 மே 30 வரை, அதாவது 72 ஆண்டுகளும் நான்கு மாதங்களும்.

இவ்வளவு நீண்ட காலத்தைப் பார்த்ததும் ‘நிச்சயம் சந்தித்திருப்பார்கள்’ என்று தோன்றும். இந்த 72 ஆண்டுகளில் உண்மையிலேயே பயன்படுவது எவ்வளவு என்பதைப் பிறகு பார்ப்போம்.

## 3. நாட்காட்டிகளை ஒன்றாக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1582-இல் கிரிகோரியன் நாட்காட்டி வந்தபோது கத்தோலிக்க நாடுகள் பல உடனடியாக அதற்கு மாறின. பிரான்ஸ் அந்த ஆண்டின் இறுதியிலேயே மாறியது. இங்கிலாந்தும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களும் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தன. ரஷ்யா 1918-இல்தான் மாறியது. 1582 முதல் 1700 பிப்ரவரி வரை இரண்டுக்கும் இடையே 10 நாள் வேறுபாடு. அதன்பின் 18-ஆம் நூற்றாண்டில் 11, 19-இல் 12, 20-இல் 13. ஜூலியன் தேதியோடு இந்த நாட்களைக் கூட்டினால் கிரிகோரியன் தேதி கிடைக்கும்.

‘கலீலியோ இறந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்ற வாக்கியத்தைப் பலமுறை படித்திருப்பீர்கள். கலீலியோ இறந்தது 1642 ஜனவரி 8. அது இத்தாலியின் கிரிகோரியன் கணக்கு. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. அது இங்கிலாந்தின் ஜூலியன் கணக்கு. இரண்டையும் கிரிகோரியனில் வைத்தால் நியூட்டனின் பிறப்பு 1643 ஜனவரி 4 ஆகிவிடுகிறது. இரண்டையும் ஜூலியனில் வைத்தால் கலீலியோவின் இறப்பு 1641 டிசம்பர் 29-க்குப் போய்விடுகிறது. எந்த ஒரு நாட்காட்டியிலும் இரண்டும் 1642-இல் அமைவதில்லை. ஒன்றை இதிலிருந்தும் மற்றதை அதிலிருந்தும் எடுத்தால் மட்டுமே அந்த வாக்கியம் நிற்கும்.

நாள் வேறுபாட்டைவிட ஆபத்தானது ஆண்டுத் தொடக்கம். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான நாட்கள் முந்தைய ஆண்டின் கணக்கில் போயின. ஃபிராங்க்ளினின் பிறப்பு அக்காலக் கணக்குப்படி 1705 ஜனவரி 6. இப்போதைய கணக்கில் அதுவே 1706 ஜனவரி 17.

இது எவ்வளவு தூரம் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும் என்பதற்கு நியூட்டனின் இறப்பே சாட்சி. அக்கால ஆங்கிலக் கணக்குப்படி அது 1726 மார்ச் 20. வால்டேர் இங்கிலாந்துக்கு வந்தது 1726 மே. இரண்டையும் அப்படியே பக்கத்தில் எழுதினால், வால்டேர் வருவதற்கு இரண்டு மாதங்கள் முன்பே நியூட்டன் இறந்துவிட்டார் என்று ஆகிவிடும். உண்மையில் அந்த மார்ச் 20, 1726-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் வருகிறது. இப்போதைய கணக்கில் அது 1727 மார்ச் 31. வால்டேரும் நியூட்டனும் பத்து மாதங்களுக்கும் மேலாக ஒரே நாட்டு மண்ணில் இருந்திருக்கிறார்கள். ஓர் ஆண்டு எண்ணை மாற்றாமல் விட்டால் அந்தப் பத்து மாதங்களும் காணாமல் போகும்.

ஒரு தேதி எந்த நாட்காட்டியில் எழுதப்பட்டது என்று தெரியாவிட்டால் கிழமையைத் தேடுங்கள். 1726-இல் லண்டனிலிருந்து ஊர் திரும்பும்போது ஃபிராங்க்ளின் எழுதிய பயணக் குறிப்பின் முதல் பதிவு, ஜூலை 22, வெள்ளிக்கிழமை. கிரிகோரியன் கணக்கில் அந்த ஆண்டு ஜூலை 22 திங்கட்கிழமை. 11 நாட்களைக் கூட்டினால் ஆகஸ்ட் 2 வருகிறது; அது வெள்ளிக்கிழமை. ஆக, குறிப்பு ஜூலியன் கணக்கில் எழுதப்பட்டது என்று உறுதியாகிறது. நாட்காட்டி பற்றி ஒரு சொல் கூட இல்லாத பழைய நாட்குறிப்புகளில் இந்தச் சோதனை எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

எல்லாத் தேதிகளையும் கிரிகோரியனுக்கு மாற்றி எழுதுங்கள். மூலத்தில் இருந்த தேதியை அழித்துவிடாமல் பக்கத்தில் சிறிதாக வைத்திருங்கள். பிறகு யாராவது கேட்கும்போது எங்கிருந்து வந்தது என்று சொல்ல அது வேண்டும்.

## 4. தேதி உறுதியில்லாதவர்களுக்கு இரண்டு கணக்கு

பழங்காலத்தவர்களுக்கு ஒரே ஒரு பிறந்த ஆண்டை எழுதிக் கணக்குப் போடக் கூடாது. மிக முந்தியதாக எது இருக்கலாம், மிகப் பிந்தியதாக எது இருக்கலாம் என்று இரண்டு எல்லைகளையும் எழுதி, கணக்கை இரண்டு முறை போட வேண்டும்.

புத்தரும் கன்பூசியஸும் சமகாலத்தவர்களா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கன்பூசியஸின் காலம் கி.மு. 551 முதல் 479 வரை என்பது மரபாக ஏற்கப்பட்டது. புத்தரின் இறப்பைச் சிலர் கி.மு. 480-களில் வைக்கிறார்கள், வேறு சிலர் கி.மு. 400-ஐ ஒட்டி வைக்கிறார்கள். அவர் எண்பது ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. முதல் கணக்கில் இருவரும் பல பத்தாண்டுகள் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். இரண்டாவது கணக்கில், புத்தர் பிறக்கும் சமயத்தில் கன்பூசியஸின் வாழ்வு முடிந்துகொண்டிருக்கிறது. ஆகவே இங்கே எழுத வேண்டிய விடை ‘சமகாலத்தவர்களாக இருக்கலாம்’. ‘ஆம்’ என்று எழுதினால் ஒரு கணக்கை மறைத்ததாகிவிடும்.

இரண்டு கணக்கிலும் பொதுக் காலம் கிடைத்தால் ‘ஆம்’. இரண்டிலும் கிடைக்காவிட்டால் ‘இல்லை’. ஒன்றில் மட்டும் கிடைத்தால் ‘இருக்கலாம்’.

## 5. இருப்பிடப் பட்டியல் போடுங்கள்

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. இருவரும் எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார்கள் என்று பக்கத்துப் பக்கமாக எழுத வேண்டும். நாடு என்று எழுதாதீர்கள், ஊர் என்று எழுதுங்கள்.

ஒரே நேரத்தில் இருவரையும் எழுதத் தொடங்காமல், ஒருவரை முழுமையாக முடித்த பிறகு மற்றவரைத் தொடுவது நல்லது. இருவரையும் சேர்த்து எழுதினால், பொருத்தம் தெரிகிற ஆண்டுகளை மட்டும் தேடும் மனநிலை வந்துவிடும். பொருந்தாத செய்திகளைக் கண் தாண்டிப் போய்விடும். அதிகம் பயணம் செய்தவரை முதலில் எழுதுவதும் உதவும்.

ஃபிராங்க்ளின் பாஸ்டனில் பிறந்தார். 1723-இல் பிலடெல்பியாவுக்குப் போனார். 1724 டிசம்பர் இறுதியில் லண்டன் வந்து 1726 ஜூலை வரை அச்சகங்களில் வேலை செய்தார். பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அமெரிக்காவில். 1757 முதல் 1762 வரையும், 1764 இறுதி முதல் 1775 வரையும் லண்டனில். இந்த இரண்டாவது காலத்தில் 1767-இலும் 1769-இலும் பாரிஸுக்கு வந்துபோனார். 1776 டிசம்பரில் அமெரிக்கத் தூதராகப் பாரிஸ் வந்தவர் 1785 வரை அங்கேயே, நகரை ஒட்டிய பாஸ்ஸி என்ற ஊரில் தங்கினார்.

வால்டேர் இளமையில் பெரும்பாலும் பாரிஸில். 1726 மே முதல் 1728 இறுதி வரை இங்கிலாந்தில். பிறகு பிரான்சின் பல ஊர்களில். 1750 முதல் 1753 வரை பிரஷ்யாவின் அரசவையில். 1755 முதல் ஜெனீவா அருகில், பிறகு அதே பகுதியில் உள்ள ஃபெர்னேயில். 1778 பிப்ரவரி 10 அன்று பாரிஸ் திரும்பினார். சுமார் 28 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நகரில் அவர் கால் வைத்தது அன்றுதான்.

இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தால், 72 ஆண்டுகளில் இருவரும் ஒரே நகரை ஒட்டி இருந்த காலங்கள் இரண்டே இரண்டு. 1726 மே முதல் ஜூலை வரை லண்டன். 1778 பிப்ரவரி 10 முதல் மே 30 வரை பாரிஸ். ஒவ்வொன்றையும் ‘வாய்ப்புக் காலம்’ என்று அழைக்கிறேன்.

1767, 1769 ஆண்டுகளைக் கவனியுங்கள். ‘அப்போது ஃபிராங்க்ளின் பிரான்சில் இருந்தார், வால்டேரும் பிரான்சில் இருந்தார்’ என்று எழுதினால் அது பொய்யல்ல. அதை வைத்து ஒரு சந்திப்புக் காட்சியை எழுதினால் அது பொய்யாகிவிடும். ஒருவர் பாரிஸில், மற்றவர் சுவிஸ் எல்லையில். ஊர் என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

பட்டியலில் இடைவெளிகள் இருக்கும். தெரியாத மாதங்களுக்கு நேரே காலியாக விடுங்கள். முன்னும் பின்னும் ஒரே ஊர் என்பதால் நடுவிலும் அதே ஊர் என்று நிரப்பக் கூடாது. அப்படி நிரப்பப்பட்ட மாதத்தில்தான் அவர் வேறெங்கோ போயிருப்பார். கீழே வால்டேரே அதற்கு உதாரணமாக வரப்போகிறார்.

## 6. பயண நேரத்தை அக்காலக் கணக்கில் பாருங்கள்

இருவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும் ஒருவர் மற்றவரைத் தேடிப் போயிருக்கலாமே என்ற கேள்வி எழும். அதற்கு விடை சொல்ல, அந்தக் காலத்தில் அந்த வழியில் உண்மையில் யாராவது எத்தனை நாளில் பயணம் செய்தார் என்று தெரிய வேண்டும். இன்றைய தூரத்தைக் குதிரையின் வேகத்தால் வகுப்பது தோராயத்துக்குக்கூட உதவாது. சாலை, பருவம், இரவுத் தங்கல், உடல்நிலை எதுவும் அதில் வராது.

நம் இணைக்கு அந்தப் பயணம் கையிலேயே இருக்கிறது. 83 வயது வால்டேர் 1778 பிப்ரவரி 5 அன்று ஃபெர்னேயிலிருந்து கிளம்பி 10-ஆம் தேதி பாரிஸ் சேர்ந்தார். குளிர்காலத்தில், முதுமையில், ஐந்து நாள். போக ஐந்து, வர ஐந்து, தங்க இரண்டு மூன்று நாள் என்றால், பாரிஸிலிருந்து ஃபெர்னே போய்வந்த ஒருவரின் பட்டியலில் ஏறக்குறைய இரண்டு வாரம் காலியாக இருந்தாக வேண்டும். அந்த இரண்டு வாரங்களில் பாரிஸிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தாலும் அந்தப் பயணம் நடக்கவில்லை. சோதனை இவ்வளவு எளிமையானது. ஆனாலும் இதைச் செய்து பார்க்காமலேயே பலர் ‘போயிருக்கக்கூடும்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

## 7. ஒவ்வொரு வாய்ப்புக் காலத்தையும் நெருங்கிப் பாருங்கள்

முதலில் 1726. வால்டேர் பாஸ்டில் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டு, நாட்டைவிட்டுப் போகும்படி ஆகி, மே மாதம் இங்கிலாந்து வந்தார். அப்போது அவருக்கு 31 வயது. பிரான்சில் பெயர் பெற்ற கவிஞர், நாடக ஆசிரியர். ஃபிராங்க்ளின் ஜூலை 21 அன்று லண்டனைவிட்டுக் கிளம்பினார். கிரிகோரியன் கணக்கில் ஆகஸ்ட் 1. அவருக்கு 20 வயது, அச்சகக் கூலி. வாய்ப்புக் காலம் மூன்று மாதத்துக்கும் குறைவு.

இந்தக் காலமும் முழுதாக நிற்கவில்லை. ஆகஸ்ட் 12 தேதியிட்ட ஒரு கடிதத்தில் வால்டேர் தன் நண்பருக்கு, அண்மையில் ரகசியமாகப் பாரிஸ் போய்வந்ததாக எழுதுகிறார். அந்தக் கோடையின் ஒரு பகுதியில் அவர் இங்கிலாந்திலேயே இல்லை. ‘1726 மே முதல் 1728 வரை இங்கிலாந்து’ என்ற ஒற்றை வரிக்குள் இப்படி ஒரு துளை இருந்தது, கடிதத்தைப் பார்த்தால்தான் தெரிகிறது.

அடுத்து, இருவரையும் ஒரே அறைக்குள் கொண்டுவரக்கூடியது எது என்று கேளுங்கள். பொதுவான நண்பர், தொழில், சங்கம், மொழி என ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். வால்டேருக்கு அந்தக் கோடையில் ஆங்கிலம் சரிவர வராது. ஃபிராங்க்ளின் பிரெஞ்சு கற்கத் தொடங்கியது இதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு. இருவருக்கும் பொதுவான ஆள் ஒருவர்கூட என் பட்டியலில் சிக்கவில்லை.

பெயரில்லாத இளைஞன் பெரிய மனிதரைச் சந்தித்திருக்க மாட்டான் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். அதே லண்டனில் அதே ஃபிராங்க்ளின், புகழ்பெற்ற மருத்துவரும் அரும்பொருள் சேகரிப்பாளருமான ஹான்ஸ் ஸ்லோனைச் சந்தித்திருக்கிறார். காரணம், ஃபிராங்க்ளினிடம் கல்நாரால் செய்த பை ஒன்று இருந்தது. ஸ்லோன் அப்படிப்பட்ட பொருட்களை வாங்குபவர். நியூட்டனைப் பார்க்கவும் ஃபிராங்க்ளின் ஆசைப்பட்டார். நியூட்டனின் நூலைப் பதிப்பித்துக்கொண்டிருந்த பெம்பர்டன் என்ற மருத்துவர் அழைத்துப்போவதாகச் சொன்னார். அது நடக்கவேயில்லை என்று ஃபிராங்க்ளினே எழுதிவைத்திருக்கிறார். ஒரே ஊர், ஒன்றரை ஆண்டுக் காலம், தெரிந்த இடையாள், வெளிப்படையான விருப்பம் என எல்லாம் இருந்தும் சந்திப்பு நிகழவில்லை. ‘சந்தித்திருப்பார்கள்’ என்று எழுதக் கை துடிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும்.

இனி 1778. வாய்ப்புக் காலம் சுமார் 110 நாட்கள். ஃபிராங்க்ளின் அப்போது பாரிஸே கொண்டாடிய தூதர். வால்டேர் நகரமே திரண்டுவந்து பார்த்த முதியவர். பாஸ்ஸிக்கும் வால்டேர் தங்கியிருந்த வீட்டுக்கும் சில கிலோமீட்டர் தூரந்தான். இருவருக்கும் பொதுவான நண்பர்கள் ஏராளம். 1726-இல் இல்லாமல் இருந்த ஒவ்வொன்றும் இங்கே இருக்கிறது. சான்றைத் தேடத் தகுந்த இடம் இதுதான்.

## 8. சான்றை எடைபோடுங்கள்

நான் கேட்கும் கேள்விகள் இரண்டு: எழுதியவர் யார்? எப்போது எழுதினார்?

1778 ஏப்ரல் 29 அன்று பாரிஸ் அறிவியல் கழகக் கூட்டத்தில் இருவரும் இருந்தார்கள். ஃபிராங்க்ளினுடன் பணியாற்ற வந்திருந்த ஜான் ஆடம்ஸ் அந்தக் காட்சியைப் பதிவுசெய்திருக்கிறார். இருவரையும் அறிமுகப்படுத்த வேண்டும் என்று கூட்டம் குரல் எழுப்பியது. அவர்கள் எழுந்து வணங்கினார்கள், கூட்டத்தினருக்கு அது நிறைவளிக்கவில்லை. கைகளைப் பற்றிக்கொண்டார்கள், அதுவும் போதவில்லை. பிரெஞ்சு முறைப்படி தழுவிக்கொண்ட பிறகுதான் ஆரவாரம் அடங்கியது. ஆடம்ஸ் நேரில் இருந்தவர். அதோடு, ஃபிராங்க்ளினைப் புகழ வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லாதவர். இப்படிப்பட்டவரின் சான்றுக்கு எடை அதிகம்.

ஆனால் இந்தக் காட்சியை முதல் சந்திப்பு என்று எழுதிவிடாதீர்கள். வால்டேர் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே, பிப்ரவரியில், ஃபிராங்க்ளின் தன் பேரனை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். பேரனின் தலையில் கைவைத்து ‘கடவுளும் சுதந்திரமும்’ என்று வால்டேர் வாழ்த்தினார். அறிமுகப்படுத்தச் சொல்லிக் கூட்டம் கேட்டதால், அதுவரை அறிமுகம் இல்லை என்று வாசகர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பலர் பார்த்த சந்திப்புதான் பரவும். அதற்கு முந்தைய அமைதியான சந்திப்பு தேடினால்தான் கிடைக்கும்.

எழுதியவர் சந்தித்தவரே என்றாலும் எப்போது எழுதினார் என்பதைப் பாருங்கள். ஸ்லோன் தன்னைத் தேடி வந்ததாக ஃபிராங்க்ளின் தன் வரலாற்றில் சொல்கிறார். அதை அவர் எழுதத் தொடங்கியது 1771-இல், 65 வயதில். 1725 ஜூன் 2 தேதியிட்ட கடிதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதில், இப்படி ஒரு பை என்னிடம் இருக்கிறது என்று ஸ்லோனுக்கு முதலில் எழுதியவர் ஃபிராங்க்ளின்தான். சந்திப்பு நடந்தது உண்மை. யார் யாரைத் தேடினார் என்பது 46 ஆண்டுகளில் நினைவில் புரண்டுவிட்டது. அன்றைய கடிதமும் பிற்கால நினைவும் முரண்படும்போது கடிதத்தின் பக்கம் நிற்க வேண்டும்.

ஓவியங்களை நம்பாதீர்கள். இருவரும் ஒரே சட்டகத்துக்குள் இருப்பதாலேயே ஒன்றாக இருந்தார்கள் என்று ஆகாது. பல ஓவியங்கள் நிகழ்ச்சிக்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு தீட்டப்பட்டவை. கடிதப் போக்குவரத்தும் அப்படித்தான். டால்ஸ்டாயும் காந்தியும் 1909, 1910 ஆண்டுகளில் கடிதம் எழுதிக்கொண்டார்கள்; நேரில் பார்த்ததே இல்லை. கடிதம் இருந்தால் அறிமுகம் இருந்தது என்று எழுதலாம், அதற்கு மேல் போகக் கூடாது.

## 9. விடையை எந்தச் சொல்லில் எழுதுவது

இத்தனை வேலையும் செய்துவிட்டு, கடைசி வாக்கியத்தில் வழுக்கி விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘சந்தித்திருக்கலாம்’ என்ற ஒரே சொல்லை, ஒரே நூற்றாண்டில் வாழ்ந்தவர்களுக்கும் ஒரே தெருவில் வாழ்ந்தவர்களுக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். நான் நான்கு சொற்றொடர்களை வைத்திருக்கிறேன்: ‘சமகாலத்தவர்’; ‘ஒரே ஊரில் இருந்தவர்கள், சந்தித்ததற்குச் சான்றில்லை’; ‘சந்தித்தார்கள்’; ‘சந்திக்கவில்லை’.

நான்காவதை எழுதுவதற்கு மூன்றாவதைவிட அதிகக் கவனம் வேண்டும். சான்று இல்லாததைச் சந்திப்பு இல்லாததாகக் கொள்ள முடியாது. இருவரில் ஒருவரோ அவரை நெருங்கி அறிந்தவரோ சொல்லியிருக்க வேண்டும். அல்லது இருப்பிடப் பட்டியல் முழுமையாக இருந்து எங்குமே பொருந்தாமல் இருக்க வேண்டும். இசையமைப்பாளர்கள் பாஹ், ஹேண்டல் இருவரும் 1685-இல், நீண்ட தூரம் இல்லாத இரண்டு ஜெர்மன் ஊர்களில் பிறந்தவர்கள். பொதுக் காலம் 65 ஆண்டுகள். 1719-இல் ஹேண்டல் சொந்த ஊரான ஹாலேக்கு வந்திருப்பதை அறிந்து, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோத்தனிலிருந்து பாஹ் கிளம்பிப் போனார். ஹேண்டல் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டிருந்தார். 1729-இல் பாஹ் தன் மூத்த மகனை அனுப்பி லைப்சிக் நகருக்கு வரும்படி அழைத்தார். ஹேண்டலால் வர முடியவில்லை. முயன்று தவறிய கதையே பதிவாகியிருப்பதால், ‘சந்திக்கவில்லை’ என்று இங்கே துணிந்து எழுதலாம்.

நம் இணைக்கு என் தாளில் இருக்கும் வரிகள் இவை. 1726, லண்டன்: அதிகபட்சம் மூன்று மாதத்துக்கும் குறைவாக ஒரே ஊர்ப்பக்கம், நடுவில் வால்டேர் பாரிஸ் போய்வந்திருக்கிறார், இடையாள் இல்லை, சான்றில்லை. 1767, 1769: ஒரே நாடு, வெவ்வேறு ஊர், நடுவில் ஐந்து நாள் பயணம். 1778 பிப்ரவரி, பாரிஸ்: வால்டேரின் வீட்டில் சந்தித்தார்கள். 1778 ஏப்ரல் 29: அறிவியல் கழகத்தில் மீண்டும் சந்தித்தார்கள், ஆடம்ஸ் கண்ணால் கண்டவர். அதற்கு 31 நாள் கழித்து வால்டேர் இறந்தார். பட்டியல் அங்கே நிற்கிறது.